ஆயிரம் பீடியும் ஒரு நாள் கூலியும்

வேலைக்கு வந்து நிற்பவருக்கு முதலாளியால் வேலை கொடுக்க முடியாமல் போனாலும் அன்றைய குறைந்தபட்சக் கூலி உண்டு என்று சென்ற வாரம் பார்த்தோம். அது தினக்கூலிக்காரருக்கு. திருப்பூரில் 'பீஸ் ரேட்'டுக்குத் தைப்பவருக்கும், தென்காசிப் பக்கம் ஆயிரத்துக்கு இவ்வளவு என்று பீடி சுற்றுபவருக்கும் அந்தக் காவல் கிடைக்குமா? இருவருக்கும் ஒரே பதில் இல்லை.

பதில் அரசு ஆணையில் இருக்கிறது. ஒரு தொழிலுக்கு அரசு நாள் கணக்கில் மட்டும் கூலி நிர்ணயித்திருந்தால், முதலாளி உருப்படிக் கணக்கில் கொடுத்தாலும் நாள் கூலிக்குக் கீழே போகக் கூடாது. 1948ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தில் இது 17ஆவது பிரிவாக இருந்தது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பிலும் இந்த விதி தொடர்கிறது. எட்டு மணி நேரத்துக்கு 480 ரூபாய் நிர்ணயித்த ஒரு தையல் கூடம் என்று வைத்துக்கொள்வோம். உருப்படிக்கு 6 ரூபாய். ஒருவர் நாள் முழுக்க உட்கார்ந்து 60 தைத்தால் 360தான் வரும். மீதி 120ஐ முதலாளி சேர்த்துக் கொடுத்தாக வேண்டும். மறுநாள் நூறு தைத்தால் 600. அதிலிருந்து முந்திய நாள் கொடுத்த 120ஐப் பிடித்துக்கொள்கிறேன் என்றால் அது கணக்கு அல்ல, தந்திரம்.

இதைவிடப் பெரிய தந்திரம் நேரத்தில் நடக்கிறது. எட்டு மணி நேரம் இருந்தவருக்கு ஆறு மணி என்று எழுதிவிட்டால், தாளில் 360 ரூபாய் சரியாகிவிடும். ஆகவே உருப்படிக் கூலிக்காரரும் வந்த நேரம், போன நேரத்தைத் தம் கையால் குறித்து வைப்பது நல்லது.

பீடியின் கதை வேறு. அங்கே அரசே ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று நிர்ணயிக்கிறது. அப்படி உருப்படிக்கே குறைந்தபட்சம் வைத்துவிட்டால் மேலே சொன்ன விதி கைகொடுக்காது. ஐந்நூறு சுற்றியவருக்குப் பாதிக் கூலிதான். உருப்படிக் கூலியோடு நாளுக்கு ஒரு உத்தரவாதத் தொகையும் நிர்ணயிக்கப் பழைய சட்டம் அரசுக்கு அதிகாரம் கொடுத்திருந்தது. அப்படி நிர்ணயிக்காத இடத்தில் கை மெதுவான நாளின் நஷ்டம் முழுக்கச் சுற்றுபவர் தலையில்.

கூலி ஆயிரத்துக்குச் சரியாகத்தான் கொடுக்கப்படுகிறது என்று பாஸ்புக் சொல்லும். குறைவு ஒளிந்திருப்பது இலையிலும் கழிவிலும். கணக்கு எளிதாக இருக்க, ஆயிரத்துக்கு 300 ரூபாய் என்று கொள்வோம். ஒரு பெண் 700 பீடி, அதாவது 25 வீதம் 28 கட்டு, கொண்டுபோகிறார். கடைக்காரர் இரண்டு கட்டைக் கழித்துவிடுகிறார். மீதி 650க்கு 195 ரூபாய். ஆனால் கடையில் கொடுத்த இலையில் பாதி கிழிசல்; குறைந்ததற்கு அவரே 30 ரூபாய்க்கு இலை வாங்கியிருக்கிறார். கையில் நிற்பது 165. அவர் சுற்றியது 700 என்பதால், ஆயிரத்துக்கு 300 என்பது உண்மையில் சுமார் 236 ஆகிவிட்டது. கழித்த பீடியைத் திருப்பித் தராமல் கடையே வைத்துக்கொள்கிறது என்பது இந்தத் தொழிலில் பழைய புகார்.

இலை கொடுப்பது, பீடியைக் கழிப்பது, கழித்ததற்குக் கூலி ஆகியவற்றில் எழும் தகராறைத் தீர்க்க 1966ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் 39ஆவது பிரிவில் தனி வழி வைத்திருந்தது. சட்டம் எழுதியவர்களுக்குத் திருட்டு எங்கே நடக்கும் என்று தெரிந்திருந்தது. அந்தச் சட்டமும் இப்போது புதிய தொகுப்புகளுக்குள் அடங்கிவிட்டது.

புதிய ஊதியத் தொகுப்பில் தொழிலாளிக்கு லாபமும் உண்டு. குறைவான கூலிக்கு மனுக் கொடுக்க முன்பு ஆறு மாத அவகாசம். இப்போது மூன்று ஆண்டு. கூலியைக் கொடுத்துவிட்டேன் என்று நிரூபிக்கும் பொறுப்பும் முதலாளியுடையது. ஆனால் பழைய குறைந்தபட்சக் கூலிச் சட்டம், பொருளை வாங்கிப்போய் வீட்டில் வைத்துச் செய்து கொடுப்பவரையும் தொழிலாளி என்று வெளிப்படையாகச் சொல்லியிருந்தது. புதிய விளக்கத்தில் அந்தச் சொற்கள் இல்லை. அரசு தொழிலாளி என்று அறிவிக்கும் எவரும் அதில் அடங்குவர் என்று மட்டும் இருக்கிறது. வீட்டில் பீடி சுற்றுபவரும் தொழிலாளியே என்று உச்ச நீதிமன்றம் 1985இல் வைப்பு நிதி வழக்கொன்றில் சொல்லியிருக்கிறது. இனி நான் இவருக்கு முதலாளியே இல்லை என்று ஒரு கம்பெனி வாதாடினால், சுற்றுபவர் பக்கத்து வக்கீல் முதலில் எடுத்து வைக்க வேண்டியது அந்தத் தீர்ப்பைத்தான். அதோடு கடைக்காரர் முத்திரை குத்திய பாஸ்புக், இலை வாங்கிய சீட்டு, தேதி போட்டுக் கழிவை எழுதி வைத்த நோட்டு.

(தொடரும்)