கணக்கு எழுத ஆள் தேவை!

கொடைக்கானலில் பனி விலகாத ஒரு காலைப் பொழுது. கடை ஷட்டரைப் பாதி தூக்கி வைத்துவிட்டு, வாட்ஸ்அப்பில் ஒரு விளம்பரம் எழுதினேன். ‘டேலி தெரிந்த பகுதி நேரக் கணக்காளர் தேவை. தகுந்த சம்பளம்.’ எட்டே வார்த்தை. எவ்வளவு சுருக்கம் என்று எனக்கே என் மேல் ஒரு மரியாதை!

எங்களுடையது சின்ன வியாபாரம். ஹோம்மேட் சாக்லெட், யூகலிப்டஸ் தைலம், மலைப்பூண்டு, தேன். நானும் என் மனைவியும் இரண்டு பையன்களும்தான் மொத்த கம்பெனி. கணக்குக்கு ஒரு பிஸ்கெட் டப்பா. பில், ரசீது, டீ செலவுச் சீட்டு எல்லாம் அதில் போய் விழும்.

மாலைக்குள் பதினேழு பேர் கேட்டுவிட்டார்கள். “சம்பளம் எவ்வளவு சார்?” “தினமும் வரணுமா?” “வீட்லேருந்து செய்யலாமா?” “ஆடிட்டிங்கும் பார்க்கணுமா?” ஒன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை.

“என்னங்க, உங்களுக்கே என்ன வேணும்னு தெரியல. வர்றவங்களுக்கு எப்படித் தெரியும்?” என்றாள் மனைவி. (வழக்கம்போல சரியாகத்தான் சொன்னாள். வழக்கம்போல நான் கேட்காத மாதிரி இருந்தேன்.)

அன்றைக்கு ராத்திரி டப்பாவைத் தரையில் கொட்டி எண்ணினோம். ஒரு வாரத்துக்குக் கொள்முதல் பில் 20. சில்லறைச் செலவுச் சீட்டு 30. விற்பனைக்கு பில் மெஷின் தரும் நாள் மொத்தம், அது ஏழு. கொள்முதல் பில்லில் கடைக்காரரின் ஜி.எஸ்.டி. எண், வரி எல்லாம் பார்த்து ஏற்ற, ஒன்றுக்கு 4 நிமிஷம் வைத்தால் 80 நிமிஷம். செலவுச் சீட்டு ஒன்றுக்கு 2 நிமிஷம், ஆக 60. விற்பனைக்கு நாளுக்குப் பத்து நிமிஷம், 70. பேங்க் ஸ்டேட்மென்டோடு ஒத்துப் பார்க்க ஒரு மணி நேரம். கூட்டினால் 270 நிமிஷம், அதாவது நாலரை மணி. மாசா மாசம் ஜி.எஸ்.டி. வேலைக்கு ஆறரை மணி. அதை வாரத்துக்குப் பிரித்தால் ஒன்றரை. ஆக மொத்தம் வாரம் 6 மணி நேரம்!

மணிக்கு 250 ரூபாய் என்று முடிவு செய்தேன். “ஆறு நாலு இருபத்துநாலு. மாசம் ஆறாயிரம்!” என்றேன் பெருமையாக.

“மாசத்துக்கு நாலு வாரம்தானா? அப்ப வருஷத்துக்கு 48 வாரமாச்சே. மீதி நாலு வாரம் அந்தப் புள்ள சும்மா வேலை பாக்கணுமா?” என்றாள் மனைவி. சரிதான். 52 வாரத்தை 12 மாசத்துக்குப் பிரித்தால் மாசம் 26 மணி நேரம், 6,500 ரூபாய். ஆறாயிரம் என்று போட்டிருந்தால், வருகிறவர் மூன்றாம் மாசமே நம் கணக்கை அவசரமாக எழுத ஆரம்பித்திருப்பார். அதில் விழும் தப்பு 500 ரூபாயோடு போகாது.

இன்னொன்று சீஸன். 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் வாங்கித்தான் மலை ஏற வேண்டும் என்றாலும், எங்களுக்கு ஏப்ரல், மே என்றால் கடையில் நிற்க இடம் கிடையாது. பில்லும் பெருகும். அந்த இரண்டு மாசத்துக்கு வாரம் 10 மணி, மாசம் 10,800 என்று தனியாகவே எழுதினேன்.

அடுத்தது, ‘டேலி தெரிந்தவர்’. முதலில் வந்த தம்பி எஃப்-5 பேமென்ட், எஃப்-6 ரசீது, எஃப்-8 விற்பனை, எஃப்-9 கொள்முதல் என்று கண்ணை மூடிக்கொண்டு தட்டினார். பியானோ கச்சேரி மாதிரி இருந்தது. நான் கேட்டேன்: “தம்பி, 2025 செப்டம்பர் 22-லேருந்து சாக்லெட்டுக்கு ஜி.எஸ்.டி. 18-லேருந்து 5 சதவீதமாச்சே. டேலியில என்ன பண்ணுவீங்க?”

“18-ஐ அழிச்சிட்டு 5 போட்டுடுவேன் சார்!”

அங்கேதான் வம்பு. அந்தத் தேதிக்கு முந்தைய பில் எல்லாம் 18-லேயே நிற்க வேண்டும். புது விகிதத்தை ‘இந்தத் தேதியிலிருந்து’ என்று தேதியோடு சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் பழைய பில் எதையாவது திறந்து திருத்தும்போது அதுவும் ஐந்துக்கு மாறி, ஏற்கெனவே கட்டிய வரியோடு உதைக்கும்.

இரண்டாவதாக வந்தவர் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதிப் பழகிய ஒரு அம்மா. ஸ்வெட்டரும் மஃப்ளருமாக வந்து உட்கார்ந்தார். நான் ஒரு சோதனை வைத்திருந்தேன். பத்து பில், பேங்க் ஸ்டேட்மென்ட், நான் வேண்டுமென்றே தப்பாக ஏற்றிய கணக்கு. புத்தகத்தில் பேங்க் இருப்பு 64,250. ஸ்டேட்மென்டில் 62,450.

அந்த அம்மா டேலியைத் தொடவே இல்லை. பேப்பரில் கழித்தார். “வித்தியாசம் 1,800. ஒன்பதால வகுபடுதே! எங்கேயோ ரெண்டு இலக்கம் இடம் மாறியிருக்கும் சார்” என்றார். இரண்டு நிமிஷத்தில் பில்லைக் கையில் எடுத்துவிட்டார். கோயம்புத்தூர் சப்ளையருக்குப் போன 8,640-ஐ நான் 6,840 என்று ஏற்றியிருந்தேன்.

“எப்படிம்மா?”

“பக்கத்துப் பக்கத்து இலக்கம் மாறினா வித்தியாசம் எப்பவும் ஒன்பதின் மடங்காத்தான் வரும். ஆனா வகுபட்டா இதுதான்னு சத்தியம் பண்ண முடியாது. 1,800-க்கு ஒரு பில்லே விட்டுப்போயிருந்தாலும் இதே மாதிரிதான் நிக்கும். அதனால அதையும் பாக்கணும். அடுத்தது, வித்தியாசத்துல பாதி, 900-க்கு ஏதாவது இருக்கான்னு தேடணும். வரவுல வைக்க வேண்டியதைச் செலவுல வெச்சிருந்தா ரெட்டிப்பாத்தான் காட்டும்.”

இது எந்த சாஃப்ட்வேரிலும் கிடையாது சார், கை அனுபவம்!

பிறகு அவர் என்னைக் கேட்டார். “சப்ளையர் 11-ம் தேதிக்குள்ள அவர் ரிட்டர்னைப் போட்டாத்தான் உங்க பில் 14-ம் தேதி வர்ற ஜி.எஸ்.டி.ஆர்-2பி-யில தெரியும். தெரியலைன்னா அந்த மாசம் வரியைக் கழிச்சுக்க முடியாது. 20-ம் தேதிக்குள்ள நீங்க 3பி தாக்கல் பண்ணணும். நடுவுல ஆறு நாள்தான். விட்டுப்போன சப்ளையருக்கு யார் போன் பண்றது, நீங்களா, நானா?”

இந்தக் கேள்வி என் விளம்பரத்தில் இல்லையே என்று வெட்கமாக இருந்தது. தேதி தவறினால் நாளுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம். அது யார் தலையில் என்றும் எழுதவில்லை. ஒன்று மட்டும் சொல்லிவிட்டேன்: பேங்க் பாஸ்வேர்டும் ஓ.டி.பி.யும் என் போனிலேயே இருக்கும். அவருக்கு ஸ்டேட்மென்ட் மட்டும்தான். “அதுதான் எனக்கும் பாதுகாப்பு” என்றார் சிரித்துக்கொண்டே.

அன்றைக்கு ராத்திரி விளம்பரத்தைத் திருத்தி எழுதினேன். ஆள் கிடைத்த பிறகு எதற்கு என்கிறீர்களா? எங்களுக்குள் அதுவே ஒப்பந்தம் ஆகிவிட்டது:

‘கொடைக்கானலில் சிறு கடைக்குப் பகுதி நேரக் கணக்காளர் தேவை. டேலியில் கொள்முதல், விற்பனை ஏற்றுதல், பேங்க் கணக்கு ஒத்துப் பார்த்தல், 2பி சரிபார்த்து விட்டுப்போன சப்ளையரைக் கேட்டல். வாரம் 6 மணி நேரம். கடைக்கு வர வேண்டியது ஒரு நாள் மட்டும். ஏப்ரல், மே 10 மணி. மாதம் ரூ.6,500, சீஸன் மாதம் ரூ.10,800. பில்களை 3-ம் தேதிக்குள் தருவது எங்கள் பொறுப்பு. அப்படித் தந்தும் தாமதமானால் கட்டணம் உங்களுடையது. நாங்கள் தராவிட்டால் எங்களுடையது. வருமான வரி, ஆடிட் வேலை இதில் சேராது.’

மனைவி படித்துப் பார்த்தாள். “எல்லாம் சரிங்க. 3-ம் தேதிக்குள்ள பில் தர்றது யாரு?”

நான் பிஸ்கெட் டப்பாவைப் பார்த்தேன். டப்பா என்னைப் பார்த்தது.