நாற்பதாயிரம் கோப்புகளும் நொடிக்கு இரண்டும்

பழைய மாத இதழ் ஒன்றின் 800 பிரதிகளை ஒரு நூலகம் ஸ்கேன் செய்து முடித்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பிரதிக்கு 50 பக்கம். பக்கத்துக்கு ஒரு படம். படம் ஒவ்வொன்றும் சுமார் 100 கேபி. மொத்தம் 40,000 கோப்புகள். அத்தனையும் சேர்ந்தாலும் 4 ஜிபிதான் வரும், ஒரு திரைப்படத்தின் அளவு. இதை கூகுள் டிரைவில் ஏற்ற ஒரு ஸ்கிரிப்டை ஓடவிடுகிறார்கள். பதிவேற்ற வேகம் 50 எம்பிபிஎஸ் இருந்தால் 4 ஜிபி போய்ச்சேரப் பதினொரு நிமிடம் போதும். ஆனால் மாலையில் தொடங்கிய வேலை நள்ளிரவு வரை ஓடுகிறது. நடுநடுவே 403 என்ற பிழை எண் வேறு.

இணைப்பில் கோளாறு இல்லை. டிரைவ் போன்ற சேவைகள் எத்தனை பைட்டுகள் வந்தன என்பதோடு, எத்தனை கோரிக்கைகள் வந்தன என்பதையும் தனியாக எண்ணுகின்றன. பத்திரப்பதிவு அலுவலகத்தில் ஒரு சென்ட் நிலமானாலும் நூறு ஏக்கரானாலும் ஒரு பத்திரத்துக்கு ஒரு டோக்கன்தான். சார்பதிவாளர் சரிபார்த்துக் கையெழுத்திடும் நேரமும் ஏறக்குறைய ஒன்றுதான். கோப்பும் அப்படித்தான். 100 கேபி படமாக இருந்தாலும், சர்வர் அதற்கு ஓர் அடையாள எண் கொடுக்க வேண்டும், உரிமையாளரைக் குறிக்க வேண்டும், கோப்புறையோடு இணைக்க வேண்டும், தேடலுக்கான அட்டவணையில் சேர்க்க வேண்டும். இந்த வேலைக்குத்தான் வரம்பு வைத்திருக்கிறார்கள்.

கோப்புகளை மேகச் சேமிப்பகங்களுக்கு அனுப்பப் பலரும் பயன்படுத்தும் ஆர்குளோன் (`rclone`) என்ற இலவச மென்பொருளின் கையேடு இதை வெளிப்படையாகவே சொல்கிறது: டிரைவில் நொடிக்குச் சுமார் இரண்டு கோப்புகள்தான் ஏறும். பெரிய கோப்பு ஒன்றானால் வேகமாகப் போகும். சிறு கோப்புகள் ஆயிரக்கணக்கில் இருந்தால் நேரமாகும். நாற்பதாயிரத்தை இரண்டால் வகுத்தால் 20,000 நொடி, ஐந்தரை மணி நேரம். இன்னும் வேகமான இணைப்பு வாங்கினாலும் இந்தக் கணக்கு மாறாது.

வரம்பை மீறினால் சர்வர் மறுக்கிறது. இப்படி மறுப்பதற்கென்றே 2012-இல் வகுக்கப்பட்ட எண் 429. ‘அளவுக்கு மீறிய கோரிக்கைகள்’ என்று அதற்குப் பொருள். டிரைவ் 429-ஐயும் அனுப்பும், 403-ஐயும் அனுப்பும். சிக்கல் இந்த 403-இல்தான். அனுமதி இல்லாதபோதும் வருவது இதே எண். ஆகவே எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுக்கும் ஸ்கிரிப்ட் இரண்டில் ஒரு தவறைச் செய்யும்: சற்றுப் பொறுத்திருந்தால் ஏறியிருக்கும் கோப்பைக் கைவிடும், அல்லது எத்தனை முறை கேட்டாலும் கிடைக்கப்போகாத அனுமதிக்காக விடிய விடியக் கேட்டுக்கொண்டிருக்கும். பதிலின் உள்ளே காரணம் எழுதியிருக்கும். `userRateLimitExceeded` அல்லது `rateLimitExceeded` என்றிருந்தால் காத்திருக்கலாம். `insufficientFilePermissions` என்றிருந்தால் நிறுத்த வேண்டும்.

காத்திருப்பதிலும் முறை உண்டு. மறுத்தவுடனே திரும்பக் கேட்டால் அந்தக் கோரிக்கையும் சர்வரின் சுமையில்தான் சேரும். முதல் மறுப்புக்கு ஒரு நொடி, அடுத்ததற்கு இரண்டு, பிறகு நான்கு, எட்டு என்று இடைவெளியை இரட்டித்துக்கொண்டே போய், 32 அல்லது 64 நொடியில் நிறுத்திக்கொள்ளச் சொல்கிறது கூகுள். ஒவ்வோர் இடைவெளியோடும் தற்செயலாகச் சில மில்லிநொடிகளைக் கூட்டவும் சொல்கிறது. பலர் விட்டுவிடுவது இந்த இரண்டாவது பகுதியைத்தான். எட்டு இழைகள் ஒரே நேரத்தில் மறுக்கப்பட்டு, எட்டும் சரியாக நான்கு நொடி காத்திருந்தால், எட்டும் ஒன்றாகத் திரும்பிவந்து மறுபடி ஒன்றாகவே மறுக்கப்படும். அந்தச் சில மில்லிநொடிகள்தான் கூட்டத்தைக் கலைக்கின்றன.

ஆனாலும் காத்திருப்பு இரண்டாவது வழிதான். கோரிக்கைகளைக் குறைப்பதே முதல் வழி. பல ஸ்கிரிப்டுகள் ஒவ்வொரு படத்தையும் ஏற்றும் முன் ‘இது ஏற்கெனவே அங்கே இருக்கிறதா?’ என்று சர்வரைக் கேட்கின்றன. நம் கணக்கில் அதற்கே 40,000 கோரிக்கைகள். மாறாகப் பட்டியலை ஒரே தடவையில் வாங்கி வைத்துக்கொள்ளலாம். டிரைவ் பட்டியலைப் பக்கம் பக்கமாகத் தரும். நாம் எதுவும் சொல்லாவிட்டால் பக்கத்துக்கு 100 கோப்புகள். `pageSize` என்பதில் 1000 என்று கேட்டால் ஆயிரம் வரை கிடைக்கும். 800 கோப்புறைகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தால் 800 கோரிக்கைகள். கோப்புறை வேறுபாடின்றி மொத்தமாக, பக்கத்துக்கு ஆயிரம் வீதம் கேட்டால் சுமார் 40. பெயரோடு `md5Checksum` என்ற சரிபார்ப்பு எண்ணையும் அந்தப் பட்டியலிலேயே கேட்டு வாங்கலாம். கோப்பு மாறியிருக்கிறதா என்று பார்க்கத் தனியாகப் போக வேண்டியதில்லை.

இதைவிடப் பெரிய மிச்சம் கோப்புகளைச் சேர்த்துக் கட்டுவதில் இருக்கிறது. ஐம்பது பக்கங்களையும் ஒரே பிடிஎஃப் ஆக்கினால் 5 எம்பி அளவில் 800 கோப்புகள். நொடிக்கு இரண்டு என்றாலும் ஏழு நிமிடத்துக்குள் முடியும். இனித் தாமதம் இணைப்பின் வேகத்தால் மட்டுமே; அதே பதினொரு நிமிடம். பட்டியலும் ஒரே கோரிக்கையில் வந்துவிடும். இழப்பு இல்லாமல் இல்லை. ஒரு பக்கத்தை மட்டும் மறுபடி ஸ்கேன் செய்தால் 5 எம்பி முழுவதையும் திரும்ப ஏற்ற வேண்டும். எது ஒன்றாக மாறுமோ அதை ஒன்றாகக் கட்டுவதே சரி. பழைய இதழுக்குப் பிரதிதான் அந்த அலகு. 800 பிரதிகளையும் ஒரே மூட்டையாக்கினால் எதையும் தனியே திறந்து படிக்க முடியாது.

நேரம் வீணாவதைவிட எனக்குக் கவலை தருவது வேறு. மறுப்பு ஒரு பொய்த் தகவலாக மாறிவிடலாம். பட்டியலின் ஏழாம் பக்கத்தைக் கேட்கும்போது 403 வருகிறது. ஸ்கிரிப்ட் அதைப் ‘பட்டியல் முடிந்தது’ என்று எடுத்துக்கொள்கிறது. மீதி முப்பத்துச் சொச்சம் ஆயிரம் படங்களும் டிரைவில் இல்லை என்று நம்பி எல்லாவற்றையும் மறுபடி ஏற்றும். ஒரே கோப்புறையில் ஒரே பெயரில் பல கோப்புகள் இருக்க டிரைவ் இடம் கொடுப்பதால் தடையும் வராது. இரட்டைப் படங்கள் குவியும். டிரைவில் இல்லாததை உள்ளூர் வட்டிலும் அழித்துவிடும்படி எழுதிய ஒத்திசைவு ஸ்கிரிப்டாக இருந்தால் மூலப் படங்களே போய்விடும். ஆர்குளோன் இதில் எச்சரிக்கையானது. வாசிப்பதில் பிழை நேர்ந்திருந்தால் அழிக்கும் வேலையைத் தானே தவிர்த்துவிடும். சொந்தமாக எழுதும் ஸ்கிரிப்டில் அந்தக் காவலை நாம்தான் வைக்க வேண்டும்: `nextPageToken` இல்லாத, பிழையற்ற பதில் வந்தால் மட்டுமே பட்டியல் முழுமை.

பதில் வரும் வழியில் இணைப்பு அறுந்தாலும் இரட்டைகள் உருவாகும். கோப்பு ஏறிவிட்டது, ஏறிய செய்தி மட்டும் வந்துசேரவில்லை. இதற்கு டிரைவிலேயே நல்ல ஏற்பாடு உண்டு. `files.generateIds` மூலம் அடையாள எண்களை முன்கூட்டியே வாங்கி, கோப்புக்கு ஒன்றாக ஒதுக்கி வைத்துவிட்டு ஏற்றலாம். அதே எண்ணோடு மறுபடி அனுப்பும்போது, முன்பே ஏறியிருந்தால் 409 என்ற பதில் வரும். இரண்டாவது பிரதி உருவாகாது.

ஆர்குளோனே போதும் என்பவர்கள் கோரிக்கைகளுக்கு முதலிலேயே கடிவாளம் போட்டுவிடலாம். நொடிக்கு ஐந்து கோரிக்கை, ஒரு நேரத்தில் இரண்டு பதிவேற்றம் என்று வைத்து, ஏற்றியபின் இரு பக்கத்தையும் ஒப்பிடும் கட்டளைகள் இவை:

```
rclone copy ./idhazh gdrive:idhazh --tpslimit 5 --transfers 2 -vv
rclone check ./idhazh gdrive:idhazh
rclone dedupe --dry-run gdrive:idhazh
```

`-vv` போட்டால் மறுப்புகள் `low level retry` என்ற வரிகளாகத் திரையில் தெரியும். அவை அடிக்கடி வந்தால் ஐந்தை மூன்றாகக் குறைத்துப் பார்க்கலாம். `check` இரு பக்கக் கோப்புகளின் அளவையும் சரிபார்ப்பு எண்ணையும் ஒப்பிட்டு, விடுபட்டதையும் மாறுபட்டதையும் பெயர் சொல்லிக் காட்டும். மூன்றாவது கட்டளை இரட்டைகளைத் தேடும். `--dry-run` இருக்கும்வரை எதையும் அழிக்காது.