மாடிப்படி ஜன்னலில் ஒரு டவர்

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து கல்லூரி விடுதிகள் காலியானபோது, வகுப்பறை கைபேசிக்குள் வந்து சேர்ந்தது. விடுதி வைஃபையில் படித்துப் பழகிய மாணவர்கள் பலர், வீட்டுக்குள் நுழைந்தால் டவர் கிடைக்காத ஊர்களுக்குத் திரும்பியிருந்தார்கள். வீட்டில் எந்த இடத்தில் உட்கார்ந்தால் வகுப்பு அறுபடாது என்பதை அவர்களே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. போடிநாயக்கனூர் போன்ற ஒரு மலையடிவார ஊருக்குத் திரும்பிய பொறியியல் மாணவி ஒருத்தியைக் கற்பனை செய்துகொண்டால், அந்தத் தேடல் எப்படி நடக்கும் என்று படிப்படியாகப் பார்க்கலாம்.

திரையில் தெரியும் ‘பாயிண்ட்’களை நம்பிப் பயனில்லை. எவ்வளவு சிக்னலுக்கு எத்தனை பாயிண்ட் காட்டுவது என்பதை ஒவ்வொரு கைபேசி நிறுவனமும் தன் விருப்பப்படி வைத்துக்கொள்கிறது. ஆண்ட்ராய்டு கைபேசிகளின் செட்டிங்ஸில், கைபேசியைப் பற்றிய விவரங்களுக்குள் SIM status என்ற பக்கத்தில் உண்மையான அளவு இருக்கும். -98 dBm என்பதுபோல எதிர்ம எண்ணாக அது தெரியும். பூஜ்ஜியத்தை நோக்கி நெருங்க நெருங்கச் சிக்னல் வலுவாகும். 10 எண் கூடினால் வலிமை பத்து மடங்கு கூடியதாகப் பொருள். 4ஜியில் -90 நல்ல நிலை. -110-ஐத் தாண்டி இறங்கினால் படம் உறையத் தொடங்கும்.

மாணவி ஒரு கட்டம் போட்ட தாளில் வீட்டின் வரைபடத்தைப் போட்டுக்கொள்கிறாள். ஒவ்வோர் இடத்திலும் கைபேசியை ஒரே மாதிரி, நெஞ்சுயரத்தில் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் நிற்க வேண்டும். திரையில் எண் உடனே மாறாது. நடந்துகொண்டே பார்த்தால் முந்தைய இடத்தின் அளவை இந்த இடத்தில் எழுதிவிட நேரும். உள்ளங்கை ஆன்டெனாவை மூடினாலே சில எண்கள் குறைந்துவிடும் என்பதால், பிடிக்கும் விதமும் மாறக்கூடாது. நடு அறையில் -112, தாழ்வாரத்தில் -107, மாடிப்படி உச்சியில் உள்ள ஜன்னலருகே -98, மொட்டை மாடியில் -91 என்று கிடைக்கிறது. கான்கிரீட் கூரைக்கு அடியில் இருப்பதற்கும் வெட்டவெளியில் நிற்பதற்கும் நூறு மடங்குக்கு மேல் வித்தியாசம்.

பலர் இந்த இடத்திலேயே தேடலை நிறுத்திவிட்டு, பாயைச் சுருட்டிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டார்கள். ஆனால் வலுவான சிக்னல் இருக்கும் இடமும் வகுப்பு நன்றாக நடக்கும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. அதனால் அவள் அடுத்து வேகத்தைச் சோதிக்கிறாள். அதிலும் பார்க்க வேண்டியது அப்லோட். டவர் பல வாட் திறனில் பேசுகிறது. கைபேசியோ அதிகபட்சம் ஏறத்தாழ 0.2 வாட்டில்தான் பதில் சொல்ல முடியும். எனவே சிக்னல் மெலிந்தால் முதலில் அடிபடுவது கைபேசியிலிருந்து போகும் குரல்தான். ஆசிரியர் பேசுவது தெளிவாகக் கேட்கும். வருகைப் பதிவின்போது “உள்ளேன் ஐயா” என்பது மட்டும் அவருக்குப் போய்ச் சேராது.

சோதனையில் மொட்டை மாடியின் அப்லோட் நொடிக்கு 0.6 மெகாபிட், மாடிப்படி ஜன்னலில் 2.1. வெட்டவெளியில் பல திசைகளிலிருந்தும் டவர்கள் எட்டுகின்றன. ஒரே அலைவரிசையில் இயங்கும் அவை ஒன்றையொன்று குழப்புகின்றன; கைபேசியும் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே இருக்கிறது. மாடிப்படியிலோ மூன்று பக்கச் சுவர்கள் மற்ற டவர்களை மறைத்து, ஜன்னலுக்கு நேரே உள்ள ஒன்றை மட்டும் விடுகின்றன. வீட்டுக்குள் சிக்னலைக் கெடுத்த அதே சுவர்கள் இங்கே உதவுகின்றன. SIM status காட்டும் எண் நன்றாக இருந்தும் வேகம் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தால், இந்தக் குழப்பம் ஒரு காரணமாக இருக்கலாம்.

இன்னொரு காரணம் நெரிசல். ஊரே வீட்டில் முடங்கியிருந்த காலத்தில், இரவு எட்டு மணிக்கு எல்லோரும் படம் பார்க்க, சிக்னல் அளவு மாறாமலே வேகம் விழும். அதனால் சோதனையை வகுப்பு நடக்கும் நேரத்திலேயே செய்ய வேண்டும். ஒவ்வொரு வேகச் சோதனையும் அன்றைய டேட்டாவில் கணிசமாகத் தின்னும் என்பதால், சிக்னல் அளவில் முன்னுக்கு வந்த இரண்டு மூன்று இடங்களில் மட்டும் செய்தால் போதும்.

கடைசி ஏற்பாடு எளிமையானது. கைபேசியை ஜன்னல் திண்டில் வெயில் படாமல் நிறுத்தி, ஹாட்ஸ்பாட்டைப் போட்டுவிட்டு, அவள் மடிக்கணினியுடன் கீழே நடு அறையில் உட்காருகிறாள். தொலைவிலுள்ள டவரின் அலை தோற்கும் கூரையை, சில மீட்டர் தொலைவே வர வேண்டிய வைஃபை கடந்துவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸைத் தேர்ந்தால் சுவர்களை இன்னும் நன்றாகத் தாண்டும். வெயிலில் வைத்தால் கைபேசி சூடேறி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், சில சமயம் அணைந்தே போகும். மின்தடை நீண்டு டவரின் பேட்டரியும் தீர்ந்துவிட்டால் எந்த ஜன்னலும் உதவாது. அந்த நேரத்துக்கு இன்னொரு நிறுவனத்தின் சிம்மை வைத்து இதே வரைபடத்தை மறுபடி போட்டு வைத்துக்கொள்வதுதான் வழி.