ஒரு தோம்பு எரிவாயுவுக்கு எவ்வளவு காற்று?

பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீடுகளிலும் கிள்ளானின் தரைவீடுகளிலும் சமையலறை மூலையில் 14 கிலோகிராம் எரிவாயுத் தோம்பைக் காணலாம். அந்த எரிவாயுவுக்குப் பணம் கொடுக்கிறோம். அது எரியத் தேவைப்படும் காற்றோ சன்னல் வழியாக இலவசமாக வருகிறது. அந்தக் காற்றின் அளவைக் கணக்கிட்டு அறியலாம்.

சமையல் எரிவாயு என்பது புரோப்பேன், பியூட்டேன் ஆகிய இரண்டின் கலவை. இரண்டுக்கும் தேவைப்படும் காற்று கிட்டத்தட்ட ஒரே அளவுதான். ஆகவே, தோம்பில் பியூட்டேன் மட்டுமே இருப்பதாகக் கொள்வோம்.

58 கிராம் பியூட்டேன் முழுமையாக எரிய 208 கிராம் உயிர்வளி வேண்டும். அப்படியானால், 1 கிலோகிராம் பியூட்டேனுக்கு ஏறக்குறைய 3.6 கிலோகிராம் உயிர்வளி தேவை. அறை வெப்பநிலையில் 32 கிராம் உயிர்வளி 24 லிட்டர் இடத்தை அடைக்கும். எனவே 3.6 கிலோகிராம் உயிர்வளியின் கொள்ளளவு 2,700 லிட்டர், அதாவது 2.7 கன மீட்டர்.

ஆனால், அடுப்புக்குத் தூய உயிர்வளி கிடைப்பதில்லை, காற்றுதான் கிடைக்கிறது. காற்றின் கொள்ளளவில் 21 விழுக்காடு மட்டுமே உயிர்வளி. ஆகையால் 2.7ஐ 0.21ஆல் வகுக்க வேண்டும். விடை ஏறக்குறைய 13 கன மீட்டர். தவறுதலாகப் பெருக்கினால் 0.6 கன மீட்டர்தான் வரும். உயிர்வளியைவிட அதைத் தாங்கிய காற்று குறைவாக இருக்க முடியாது என்பதால், அந்த விடை பிழை என உடனே தெரிந்துவிடும்.

14 கிலோகிராமுக்குக் கணக்கிட்டால் ஏறக்குறைய 180 கன மீட்டர் காற்று வேண்டும். 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் கொண்ட சமையலறையின் கொள்ளளவு 36 கன மீட்டர். ஒரு தோம்பு தீர்வதற்குள் அத்தகைய ஐந்து அறைகளின் காற்று செலவாகிறது.

அப்படியென்றால் சன்னல், கதவுகளை முற்றாக அடைத்த அந்த அறையில் 2 கிலோகிராம் எரிவாயுவை எரிக்கலாமா? கணக்குப்படி 26 கன மீட்டர் காற்று போதும். உண்மையில் அது நடக்காது. அறையில் உயிர்வளி 16 விழுக்காடு அளவுக்குக் குறையும்போதே தீச்சுடர் தடுமாறி அணையத் தொடங்கும். ஒரு கிலோகிராம்கூட எரிந்து முடியாது.

தீ அணைவதற்கு முன்பே ஆபத்து தொடங்கிவிடுகிறது. உயிர்வளி போதாதபோது எரிபொருளிலுள்ள கார்பன் முழுமையாகக் கரிவளியாக மாறாமல், ஒரு பகுதி கார்பன் மோனாக்சைடாக வெளியேறும். இந்த நச்சுவாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல் ஆகியவை இதன் முதல் அறிகுறிகள்.

காற்றுப் பற்றாக்குறையை அடுப்பே காட்டிக்கொடுக்கும். முழுமையாக எரியும் சுடர் நீலமாக இருக்கும். அது மஞ்சளாகிப் பாத்திரத்தின் அடியில் கரி படிந்தால், அடுப்பின் காற்றுத் துளைகள் அடைபட்டிருக்கலாம். அல்லது அறைக்குள் போதிய காற்று வராமல் இருக்கலாம். அடுப்பை அணைத்து, சன்னலைத் திறந்துவிட்டு, அதன் பிறகு துளைகளைச் சுத்தம் செய்ய வேண்டும்.