தாஜ்மகாலுக்குப் பின்னால் அந்திச் சூரியனா?

பயணப் படங்களைத் திருத்தக் கொடுக்கும்போது "வானத்தை அழகாக்குங்கள்" என்று மட்டும் எழுதினால், எடிட்டர் கைவசமுள்ள ஆரஞ்சு வானம் ஒன்றை ஒட்டிவிடுவார். தாஜ்மகாலையே எடுத்துக்கொள்வோம். பிரதான வாயிலிலிருந்து படம் எடுப்பவர் வடக்கு நோக்கி நிற்கிறார். ஆக்ராவில் சூரியன் வடக்கே மறைவதே இல்லை. விஷயம் தெரிந்தவர் பார்த்ததும் சிரித்துவிடுவார்.

ஆகவே குறிப்பில் படம் எடுத்த நேரமும் திசையும் முதலில் வரட்டும். பிறகு இப்படி எழுதலாம்: "காலை 7 மணி, வெளிச்சம் வலப்பக்கத்திலிருந்து. பனிமூட்டத்தில் வெளிறிய வானத்துக்குப் பதில் மெல்லிய மேகமுள்ள நீல வானம். சலவைக்கல்லில் நீலச் சாயல் ஏறக்கூடாது. லேசான மஞ்சள் போதும். நடைபாதையில் நிற்கும் இருவரை நிழலோடு நீக்கவும். மினார்களை நேராக்க வேண்டாம்." கடைசி வரி அவசியம். அவை சற்றே வெளிப்புறம் சாய்த்துத்தான் கட்டப்பட்டவை.

அடிக்கடி மறந்துபோவது குளம். மேலே புது நீலம், தண்ணீரில் பழைய சாம்பல்! பிரதிபலிப்பையும் மாற்றச் சொல்லி எழுதிவிடுங்கள். படம் வந்ததும் குவிமாடத்தின் ஓரத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். வெள்ளைக் கோடு ஓடினால் வானம் சரியாக வெட்டப்படவில்லை. தயங்காமல் திருப்பி அனுப்புங்கள்.