தட்டைப் பார்த்துப் புரதம் சொல்லலாமா?

விளையாட்டு விடுதியில் தங்கிப் பயிற்சி எடுக்கும் ஓட்டக்காரி ஒருத்தி மதியச் சாப்பாட்டுத் தட்டைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறாள் என்று வைத்துக்கொள்வோம். "மேடம், இதுல எவ்வளவு புரோட்டீன் இருக்கும்?" எடை 60 கிலோ, சைவம். கடும் பயிற்சியில் இருப்பவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 2 கிராம் வரை புரதம் சொல்வார்கள். அவளுக்கு 1.6 என்று வைத்தால் நாளைக்கு 96 கிராம். நான்கு வேளையாகப் பிரித்தால் மதியத்துக்கு 24.

தட்டில் சோறு, சாம்பார், பீன்ஸ் பொரியல், ஐந்து துண்டு பனீர், சின்னக் கிண்ணத்தில் தயிர். முதலில் கண் போவது சாம்பார் மேல்தான். பருப்பு ஆயிற்றே! ஆனால் அவள் தட்டில் சாம்பாரைவிடச் சோற்றிலேயே புரதம் அதிகம் இருக்க வாய்ப்புண்டு. வெந்த சோறு 100 கிராமில் இரண்டரை கிராமுக்குச் சற்று மேல். ஓட்டக்காரியின் தட்டில் 250 கிராம் சோறு சாதாரணம், ஆக ஆறரை கிராம் அங்கேயே வந்துவிடுகிறது.

சாம்பார் விஷயத்தில் படம் கைகொடுக்காது. ஒரு கரண்டி சாம்பாரில் தண்ணீர் எவ்வளவு, பருப்பு எவ்வளவு என்பது அடுப்படிக்குத்தான் தெரியும். கெட்டியாக இருக்கிறதே என்று நம்பவும் முடியாது. அரிசி மாவு கரைத்து ஊற்றினாலும் கெட்டியாகும். சமையல்காரரிடம் "அண்ணே, இன்னிக்கு எத்தனை கிலோ பருப்பு போட்டீங்க, எத்தனை பேருக்கு?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். 100 பேருக்கு 2 கிலோ துவரம்பருப்பு என்றால் தலைக்கு 20 கிராம். துவரம்பருப்பில் 100 கிராமுக்குச் சுமார் 22 கிராம் புரதம். ஆக அவள் பங்குக்கு நாலு கிராம் சொச்சம். ஒரு கிலோதான் போட்டார் என்றால் இரண்டு கிராமோடு சரி. படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாலும் இந்த வித்தியாசம் தெரியாது.

பனீரில் சிக்கல் வேறு மாதிரி. 100 கிராம் பனீரில் 18 கிராம் அளவுக்குப் புரதம் உண்டு, அதனால் தட்டில் மற்ற எதில் தவறினாலும் பாதகமில்லை, இதில் தவறினால் கணக்கே மாறிவிடும். துண்டின் பக்கம் 2 சென்டிமீட்டர் என்றால் கன அளவு 8, எடையும் ஏறக்குறைய 8 கிராம். பக்கம் இரண்டரை சென்டிமீட்டர் என்றால் 15 கிராமைத் தாண்டிவிடும். அரை சென்டிமீட்டர் வித்தியாசத்தைப் படத்தில் யார் கண்டுபிடிப்பது? ஐந்து துண்டுக்கு ஒரு கணக்கில் 7 கிராம் புரதம், இன்னொரு கணக்கில் 14.

இதற்குத்தான் படத்தில் அளவு தெரிந்த பொருள் ஒன்று இருக்க வேண்டும் என்கிறோம். பத்து ரூபாய் நாணயத்தின் விட்டம் 27 மில்லிமீட்டர். அதைப் பனீர் இருக்கும் பக்கமாகத் தட்டை ஒட்டி வைத்து எடுத்தால் துண்டின் பக்கம் பிடிபடும். நேர் மேலிருந்து ஒரு படம், சாய்வாக ஒன்று. மேலிருந்து பார்த்தால் கிண்ணத்தின் வட்டம் தெரியும், ஆழம் தெரியாது. துண்டின் உயரமும், சோற்றுக் குவியலின் உயரமும் சாய்வுப் படத்தில்தான் வரும். சாப்பிட்டு முடித்த தட்டையும் ஒரு படம் எடுப்பது நல்லது, ஒதுக்கி வைத்ததைக் கணக்கில் சேர்க்கக் கூடாதல்லவா? பனீரை உதிர்த்துப் பொரித்திருந்தால் நாணயமும் உதவாது. எத்தனை கிராம் பாக்கெட்டை எத்தனை பேர் பங்கிட்டார்கள் என்றுதான் கேட்க வேண்டும்.

இனிக் கூட்டலாம். சோறு ஆறரை, சாம்பார் நாலு, பொரியல் ஒன்றரை, 100 கிராம் தயிர் 3. இவை மட்டும் 15. சிறிய பனீர் என்றால் மொத்தம் 22, பெரியது என்றால் 29. சாம்பாரும் தண்ணியாக இருந்தால் 20. அவளுக்கு "24 கிராம்" என்று ஒற்றை எண்ணாகப் பதில் அனுப்புவது எளிது, ஆனால் அது பொய்த் துல்லியம். "20 முதல் 29க்குள்" என்பதுதான் நேர்மையான பதில்.

இப்படி அகலமான பதிலை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கீழ் எண்ணை எடுத்துக்கொள்ள வேண்டும். நான்கு வேளைக்கும் கீழ் எண்களைக் கூட்டி 96ஐத் தொட்டால் கவலையில்லை. 80 என்று நின்றால் இரவில் உலர்ந்த சோயா உருண்டை 30 கிராமை ஊறவைத்துக் குழம்பில் போட்டால் 15 கிராம் ஏறும். உலர்ந்த எடை என்பதைக் கவனிக்கவும். ஊறியபின் அதே 30 கிராமை நிறுத்துப் போட்டால் பெரும்பகுதி தண்ணீர்தான்.

தன் கண் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளலாம். விடுமுறைக்கு வீட்டுக்குப் போகும்போது சமையலறைத் தராசு ஒன்றை வைத்து, முதலில் படத்தைப் பார்த்து மதிப்பை எழுதிவிட்டு, பிறகு நிறுத்துப் பார்க்க வேண்டும். ஒருநாள் கூட, ஒருநாள் குறைய என்று வந்தால் வாரக் கணக்கில் சரிக்குச் சரியாகிவிடும். பனீரை எப்போதும் கூட்டியே மதிப்பிடுகிறாள் என்று தெரிந்தால், விடுதிக்குத் திரும்பியபின் அந்த ஒன்றை மட்டும் குறைத்துப் போட்டால் போதும்.