தாள் எங்கே நின்றது?

பிரிண்டரில் தாள் சிக்கினால், வெளியே தெரிகிற நுனியைப் பிடித்து வெடுக்கென்று இழுக்கத்தான் கை போகும். அப்போது தாள் கிழிந்து ஒரு துண்டு உள்ளேயே தங்கிவிடும். அந்தத் துண்டு சென்சாரின் சிறு நெம்புகோலை அழுத்திக்கொண்டிருந்தால், வழியில் தாளே இல்லாதபோதும் திரையில் ‘Paper jam’ என்றே வரும்.

முதலில் சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். லேசர் பிரிண்டரில் மையைத் தாளில் உருக்கி ஒட்டும் ஃப்யூசர் 200 டிகிரி செல்சியஸ் வரைகூடச் சூடாகும். அரைமணி நேரம் ஆற விடாமல் பின்பக்கம் கை வைக்கக் கூடாது. டோனர் கார்ட்ரிட்ஜைக் கழற்றியதும் வெளிச்சம் படாமல் துணியால் மூடி வையுங்கள். பிறகு தாளின் இரு ஓரங்களையும் இரண்டு கைகளாலும் பிடித்து, முடிந்தவரை அது போய்க்கொண்டிருந்த திசையிலேயே மெதுவாக, கோணாமல் இழுக்க வேண்டும். கிழிந்துவிட்டால் துண்டுகளை மேசைமேல் சேர்த்து வைத்து, முழுத்தாளும் தேறுகிறதா என்று பாருங்கள். இங்க்ஜெட்டில் கூடுதலாக ஒரு கவனம்: குறுக்காக ஓடும் மெல்லிய ஒளிபுகும் பட்டையைத் தொடவே கூடாது. மை பெட்டியின் இடத்தை அறிய பிரிண்டர் அதைத்தான் நம்பியிருக்கிறது.

எடுப்பதற்கு முன், தாளின் முன்விளிம்பு எதுவரை போயிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அடிக்கடி சிக்கும் பிரிண்டரில் காரணத்தைக் காட்டிக்கொடுப்பது அந்த இடம்தான்.

எங்கள் தெருவில் டியூஷன் எடுக்கும் ஓர் ஆசிரியையின் லேசர் பிரிண்டர் தினமும் தகராறு செய்தது. தாள் ஒவ்வொரு முறையும் ட்ரேயிலிருந்து ஓர் அங்குலம் நகர்ந்து, கசங்காமல் நின்றுவிடும். விரலால் லேசாகத் தள்ளிக்கொடுத்தால் ஒழுங்காக அச்சாகி வரும். அப்படியென்றால் உள்ளே தடை எதுவும் இல்லை. தாளை எடுத்துக் கொடுக்கும் ரப்பர் ரோலர்தான் வழுக்குகிறது. குறித்த நேரத்துக்குள் தாள் சென்சாரை எட்டாவிட்டால், பிரிண்டர் அதையும் சிக்கல் என்றே கணக்கில் எடுத்துக்கொள்ளும்.

ட்ரேயை உருவி உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தோம். மங்கலாக, சொரசொரப்பாக இருக்க வேண்டிய ரப்பர், பழைய செருப்பின் அடிபோல வழவழத்துக் கிடந்தது. பஞ்சு உதிராத துணியைத் தண்ணீரில் நனைத்து, நன்றாகப் பிழிந்து, ரோலரைச் சுற்றித் துடைத்துக் காயவிட்டதும் வேலை செய்தது. வெறும் காகிதத்தூள் என்றால் அதோடு சரியாகியிருக்கும். சில நாட்களில் மறுபடியும் வழுக்கியது. ரப்பரே தேய்ந்துவிட்டது என்று புரிந்தது. பெட்ரோல், தின்னர் போட்டுத் தேய்த்தால் ரப்பர் இன்னும் கெடும். மாடல் எண்ணைச் சொல்லிப் புது ரோலர் வாங்குவதுதான் வழி. கூடவே, தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிடும் பேடையும் மாற்றிவிடச் சொல்வேன். அது தேய்ந்தால் இரண்டு மூன்று தாள்கள் ஒன்றாக உள்ளே போகும்.

தாள் பின்பக்கம் ஃப்யூசரருகே விசிறிபோல மடிந்து நின்றால், ட்ரே ரோலரை மாற்றிப் பயனில்லை. அது மெக்கானிக் திறந்து பார்க்க வேண்டிய கோளாறு.